லாரி வாடகை எந்தக் கணக்கில் ஏறும்?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு டைல்ஸ் கடை. வீடு கட்டுகிறவர் ஒருவர் வந்து பேரம் பேசுகிறார். "அண்ணாச்சி, குஜராத்துல பெட்டி முந்நூறு ரூவாதானாமே, நானூறுக்கு முடிச்சு விடுங்க" என்கிறார். கடைக்காரர் சரி என்று தலையாட்டினால், பெட்டிக்கு நூறு ரூபாய் லாபம் பார்த்துவிட்டார் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். பல கடைகளில் கடைக்காரரே அப்படி நினைத்துக்கொள்கிறார், ஏனென்றால் அவருடைய கணக்குப் புத்தகமும் அதையே சொல்கிறது. உண்மையில் அந்தப் பெட்டியில் அவருக்கு ஒரு பைசாகூட மிஞ்சியிருக்காது. வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியும் கொடுத்தால் கைக்காசு போயிருக்கும்.

குஜராத்தின் மோர்பி நகரைச் சுற்றித்தான் இந்திய டைல்ஸில் பெரும்பங்கு தயாராகிறது. அங்கிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு அடங்கிய ஒரு பெட்டி ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். எடை அதிகம், விலை குறைவு, தூரமோ நெடுந்தூரம். இப்படிப்பட்ட சரக்கில் லாரி வாடகையைச் சில்லறைச் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. நகைக்கடைக்காரர் தன் போக்குவரத்துச் செலவை எந்தக் கணக்கில் எழுதினாலும் அவருடைய லாபம் பெரிதாக அசையப்போவதில்லை. டைல்ஸ், சிமெண்ட், செங்கல், உப்பு விற்கிறவருக்கு அசையும். நன்றாகவே அசையும்.

இந்தக் கடையில் வாடகைச் செலவு இரண்டு இடத்தில் வருகிறது. மோர்பியிலிருந்து பெரிய லாரியில் சரக்கு கடைக்கு வந்து சேர்வதற்கு ஒன்று. கடையிலிருந்து 'குட்டி யானை'யில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதற்கு இன்னொன்று. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முதலாவது உள் தூக்குக்கூலி, இரண்டாவது வெளித் தூக்குக்கூலி என்று நினைவிருக்கும். உள் தூக்குக்கூலியை வியாபாரக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டும், வெளித் தூக்குக்கூலியை லாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். கடை நடத்த அது போதாது. ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் தெரியாததால்தான் மார்ச் 31 அன்று சரக்கிருப்புக்கு விலை போடும்போது கணக்கு தவறுகிறது.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இது: ஒன்று வாங்குவதற்கான செலவு, மற்றது விற்பதற்கான செலவு. தவறில்லை. ஆனால் கடைக்காரரின் பணப்பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதானே, இரண்டும் வெளியே போன காசுதானே என்று அவர் கேட்டால் இந்த விளக்கம் அவரை அசைக்காது. அசல் வேறுபாடு காலத்தில் இருக்கிறது. மோர்பியில் கிடக்கும் பெட்டியைத் திருநெல்வேலியில் விற்க முடியாது. அது இங்கே வந்து இறங்கினால்தான் விற்பனைச் சரக்கு. ஆகவே வந்த வாடகை அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. பெட்டி குடோனில் ஆறு மாதம் கிடந்தால் வாடகையும் அதோடு ஆறு மாதம் கிடக்கும். பெட்டி விற்றுப்போகும் நாளில்தான் அது செலவாகிறது. வெளியே போகும் வாடகைக்கு அப்படிக் காத்திருக்க இடமே இல்லை. குட்டி யானை கிளம்பும்போது பெட்டி விற்றாகிவிட்டது. இனி அது கடைக்காரரின் சரக்கில்லை. ஒட்டிக்கொள்ளப் பொருள் இல்லாததால் அந்தச் செலவு அன்றே, அந்த ஆண்டிலேயே முடிந்துபோகிறது.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கணக்கியல் தரம் 2, சரக்கிருப்பின் மதிப்பீட்டைப் பற்றியது. கொள்முதல் விலை, திரும்பப் பெற முடியாத வரிகள், உள்ளே கொண்டுவந்த வாடகை, சரக்கை வாங்குவதோடு நேரடியாகத் தொடர்புள்ள மற்றச் செலவுகள் ஆகியவை அடக்கவிலையில் சேரும் என்று அது சொல்கிறது. விற்பனைச் செலவும் விநியோகச் செலவும் சேராது. வருமான வரிக்கான சரக்கிருப்பு விதியும் இந்த விஷயத்தில் இதே வழிதான்.

ஒரு லாரி, ஒரு வருடம்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்களைப் புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். வாடகை டீசல் விலையோடும் பருவத்தோடும் ஏறி இறங்கும் சமாச்சாரம்.

புதிதாகக் கடை திறந்தவர் முதல் லாரியாக 1,000 பெட்டி இறக்குகிறார். மோர்பி ஆலையில் பெட்டி 300 ரூபாய், ஆக 3,00,000. லாரி வாடகை 90,000. குடோனில் இறக்கிய சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு இறக்குக்கூலி 10,000. மொத்தம் 4,00,000 ரூபாய், பெட்டி ஒன்றுக்கு 400. டைல்ஸ் வியாபாரிகள் இதைத்தான் 'இங்கே வந்து விழுந்த விலை' என்கிறார்கள். கவனியுங்கள், இறக்குக்கூலியும் லாரி வாடகையோடு சேர்ந்துதான் நிற்கிறது. குடோனுக்குள் வந்து அடுக்குகிற வரைக்கும் ஆகும் நேரடிச் செலவெல்லாம் ஒரே கட்சி.

அந்த ஆண்டில் 600 பெட்டி விற்கிறது. பெட்டி 520 ரூபாய், ஆக விற்பனை 3,12,000. வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த குட்டி யானை வாடகை 12,000, அதாவது விற்ற பெட்டிக்கு 20 ரூபாய். கடை வாடகை, மின்சாரம் போன்றவை 30,000. மார்ச் 31 அன்று குடோனில் 400 பெட்டி பாக்கி.

முறைப்படி எழுதினால், 4,00,000 ரூபாய் அடக்கத்தில் பாக்கி நிற்கும் 400 பெட்டியை, பெட்டிக்கு 400 வீதம் 1,60,000 என்று கழித்துவிட வேண்டும். விற்ற சரக்கின் அடக்கம் 2,40,000. விற்பனை 3,12,000-இல் அது போக மொத்த லாபம் 72,000. இதோடு வியாபாரக் கணக்கு முடிந்தது. லாப நட்டக் கணக்கில் வெளித் தூக்குக்கூலி 12,000, மற்றச் செலவு 30,000 போனால் நிகர லாபம் 30,000.

இனி, நடைமுறையில் நான் அடிக்கடி காணும் தவறுக்கு வருகிறேன். கணக்கு எழுதுகிறவர் பாடப்புத்தகத்தின்படியே 90,000 ரூபாயையும் 10,000 ரூபாயையும் வியாபாரக் கணக்கில்தான் எழுதுகிறார். இடம் சரி. ஆனால் சரக்கிருப்புக்கு விலை போடும்போது மோர்பி பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, 400 பெட்டிக்கு 300 வீதம் 1,20,000 என்று போட்டுவிடுகிறார். பில்லில் அந்த விலைதானே இருக்கிறது! விளைவு, விற்ற சரக்கின் அடக்கம் 2,80,000 ஆகிறது, மொத்த லாபம் 32,000-ஆகச் சுருங்குகிறது, செலவுகள் போக 10,000 ரூபாய் நட்டம் என்று கணக்கு முடிகிறது.

30,000 லாபம் எப்படி 10,000 நட்டமானது? விற்காத 400 பெட்டியோடு ஒட்டியிருந்த வாடகையும் கூலியும், பெட்டிக்கு 100 வீதம் 40,000, இந்த ஆண்டுச் செலவாகவே எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பெட்டிகள் அடுத்த ஆண்டு விற்கும்போது அவற்றின் அடக்கம் 300 என்றுதான் நிற்கும். அந்த ஆண்டு லாபம் 40,000 ரூபாய் அதிகமாகத் தெரியும். இரண்டு ஆண்டையும் சேர்த்தால் கூட்டல் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வரி ஆண்டுக்கு ஆண்டு கட்டுகிறோம், கூட்டாளிக்கு ஆண்டுக்கு ஆண்டு பங்கு பிரிக்கிறோம். நடுவில் ஒரு கூட்டாளி விலகினால், அவர் கணக்கில் வர வேண்டிய காசு அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். வங்கியில் சி.சி. கடன் வாங்கியிருந்தால் மாதாமாதம் கொடுக்கும் சரக்கிருப்புப் பட்டியலும் குறைத்தே காட்டும். பணம் கட்டி முடித்த சரக்கின் மதிப்பில் கால் பங்கைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கடன் தரும் வங்கியில், 1,60,000-க்கு 1,20,000 எடுக்கலாம், 1,20,000-க்கு 90,000தான். முப்பதாயிரம் ரூபாய் தன் குடோனிலேயே இருப்பது தெரியாமல் வெளியே வட்டிக்கு அலைகிறவர்கள் உண்டு.

பாடப்புத்தகத்தையும் இதில் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். தேர்வுக் கணக்குகளில் இறுதிச் சரக்கிருப்பு இத்தனை ரூபாய் என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது, அதற்குள் வாடகை இருக்கிறதா இல்லையா என்று மாணவர் கேட்பதே இல்லை. அதனால் உள் தூக்குக்கூலி முழுவதும் அந்த ஆண்டுச் செலவு என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது. அது வியாபாரக் கணக்கின் பற்றுப் பக்கம் முழுத் தொகையாக நுழைந்து, விற்காத சரக்கின் பங்கு மட்டும் இறுதிச் சரக்கிருப்பு வழியாக வரவுப் பக்கம் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டால் சரியான கணக்கில் எழுதியும் பயனில்லை.

மற்ற இரண்டு தவறுகள்

வந்த வாடகையையும் லாப நட்டக் கணக்கில் தள்ளிவிடுவது அடுத்த தவறு. அப்படிச் செய்தால் விற்ற 600 பெட்டியின் அடக்கம் 1,80,000 என்று நின்று, மொத்த லாபம் 1,32,000 என்று ஊதிக் காட்டும். கடைசியில் கிடைக்கும் நிகர எண் முன் சொன்ன அதே 10,000 நட்டம்தான். ஆனால் இடையில் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. உண்மையான மொத்த லாபம் விற்பனையில் 100-க்கு 23 ரூபாய். இந்தக் கணக்கு 42 ரூபாய் என்கிறது. கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பது இந்த எண்ணை மனதில் வைத்துத்தான். பெட்டிக்கு 220 ரூபாய் கையில் இருக்கிறது என்று நினைக்கிறவர், 120 ரூபாயைத் தாராளமாக விட்டுக்கொடுத்து நானூறுக்கு முடித்துவிடுவார். முதலில் சொன்ன பேரத்தில் அண்ணாச்சி தலையாட்டியது இதனால்தான். அந்த 400 ரூபாயில் 300 மோர்பிக்கு, 90 லாரிக்கு, 10 இறக்குக்கூலிக்கு. வீட்டுக்குக் கொண்டுபோக ஆகும் 20 ரூபாய் அவர் சட்டைப் பையிலிருந்து.

மூன்றாவது தவறு சோம்பேறித்தனத்தில் வருவது. 'லாரி வாடகை' என்று பேரேட்டில் ஒரே தலைப்பு. மோர்பி லாரியும் குட்டி யானையும் இறக்குக்கூலியும் அதிலேயே ஏறும். ஆண்டு முடிவில் மொத்தம் 1,12,000. ஆடிட்டர், "வாடகையைச் சரக்கில் சேர்க்கணும்" என்று சொல்லியிருப்பார். உடனே மொத்தத்தையும் 1,000 பெட்டிக்கு வகுத்து, பெட்டிக்கு 112 என்று சேர்த்துவிடுவார்கள். பாக்கி 400 பெட்டியின் மதிப்பு 1,64,800 ஆகிறது. நிகர லாபம் 34,800. இதில் 4,800 ரூபாய் பொய் லாபம். விற்றுப்போன பெட்டிகளை வீட்டில் கொண்டு சேர்த்த செலவில் ஒரு பகுதி, குடோனை விட்டு அசையாத பெட்டிகளின் தலையில் ஏறிவிட்டது. தொகை சிறியதாகத் தெரியலாம். நகருக்குள் மட்டும் அனுப்பும் கடை என்பதால்தான் அது சிறியது. வாடிக்கையாளருக்கு நெடுந்தூரம் இலவசமாக அனுப்பிவைக்கும் கடையில் இதே தவறு பெரிய தொகையாகிவிடும்.

இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. சரக்கிருப்புப் பட்டியலில் ஏதாவது ஒரு டைல்ஸின் பெட்டி விலையை எடுத்து, அது வந்த லாரியின் கொள்முதல் பில்லோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் வாடகை சேரவில்லை என்று அர்த்தம். அதேபோல, மொத்த லாப விகிதம் பக்கத்துக் கடைக்காரர்கள் பேசிக்கொள்வதைவிட வெகு அதிகமாக இருந்தால் மகிழ வேண்டாம்; வாடகை எங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள்.

டேலி மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்த வாடகையின் லெட்ஜரை Direct Expenses குழுவிலும், அனுப்பிய வாடகையின் லெட்ஜரை Indirect Expenses குழுவிலும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மொத்த லாபக் கோட்டுக்கு மேலே வருவதா கீழே வருவதா என்பதை மட்டும்தான் அந்தக் குழு முடிவு செய்கிறது. லாரிக்காரருக்குக் கொடுத்த வாடகையைத் தனி வவுச்சராகப் போட்டால் சரக்கின் விலையில் அது தானாகப் போய் ஒட்டாது. கொள்முதல் பதிவிலேயே கூடுதல் செலவாகச் சேர்த்து, அளவுப்படியா விலைப்படியா பிரிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆண்டு முடிவில் கையால் திருத்த வேண்டும்.

யார் கொடுத்த வாடகை?

லாரி வந்து நிற்கும்போது ஓட்டுநர் நீட்டும் எல்.ஆர். தாளில் 'பெய்டு' என்றோ 'டு பே' என்றோ எழுதியிருக்கும். டு பே என்றால் வாடகையை இறக்குகிற இடத்தில், அதாவது நம் கடையில் கொடுக்க வேண்டும். அது நமக்கு உள் தூக்குக்கூலி. மோர்பி ஆலையின் கணக்கில் ஒரு வரிகூட வராது. பெய்டு என்றால் ஆலை கொடுத்துவிட்டது. கொடுத்துவிட்டு நம் பில்லிலேயே தனியாகச் சேர்த்து வசூலித்திருந்தால், அதுவும் நமக்கு உள் தூக்குக்கூலிதான். சேர்க்கும் விலைக்குள்ளேயே வாடகையை அடக்கி, கடை வாசலில் இறக்கித் தர பெட்டி 390 என்று பேசியிருந்தால், நமக்குத் தனியாக வாடகைப் பதிவே கிடையாது. அது கொள்முதல் விலைக்குள் கரைந்துவிட்டது. அந்த லாரிக்கான செலவு ஆலையின் கணக்கில் வெளித் தூக்குக்கூலியாக நிற்கும். ஒரே லாரி, ஒரே வாடகை. யார் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது.

நம் விற்பனைப் பக்கத்திலும் இந்தக் கேள்வி உண்டு. வாடிக்கையாளரே குட்டி யானையைப் பிடித்துவந்து ஏற்றிப்போனால் நமக்கு வெளித் தூக்குக்கூலி இல்லை. "வண்டி வாடகையைக் கொடுத்து அனுப்புங்க, பில்லோட சேர்த்துத் தந்துடறேன்" என்று அவர் சொல்லி, அவர் சார்பில் நாம் கொடுத்திருந்தால், அது நம் செலவாக நிற்கக் கூடாது. அவரிடமிருந்து வர வேண்டிய பாக்கி. இதைச் செலவாக எழுதிவிட்டு, வசூலான தொகையை மறந்துபோகும் கடைகளை அடிக்கடி பார்க்கலாம்.

வாடகைக்கான ஜி.எஸ்.டி.யைப் பற்றியும் இங்கே கேட்பார்கள். உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிற வரி அடக்கவிலையில் சேராது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரரால் அப்படி எடுக்க முடியாது என்பதால் அவருக்கு அந்த வரியும் பெட்டியின் விலையோடு சேரும்.

ஒரே லாரியில் டைல்ஸோடு பித்தளைக் குழாய்ச் சாமான்களும் வந்தால் வாடகையை எப்படிப் பிரிப்பது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். விலைப்படி பிரிப்பது சுலபம், அதனால் பலரும் அதைச் செய்கிறார்கள். 29 டன் டைல்ஸும் 1 டன் குழாய்ச் சாமானும் ஏறியிருக்கின்றன, இரண்டின் விலையும் 3,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைப்படி பிரித்தால் 90,000 வாடகையில் பாதி, 45,000 ரூபாய், குழாய்களின் தலையில் விழும். எடைப்படி பிரித்தால் 3,000 ரூபாய்தான் விழும். லாரிக்காரர் எடைக்குத்தானே வாடகை கேட்டார்? அப்படியானால் எடைப்படி பிரிப்பதே நியாயம். விலைப்படி பிரித்த கடையில் டைல்ஸ் மலிவாகவும் குழாய் விலை ஏறியும் தெரியும். குழாய் விற்காமல் கிடக்கும், டைல்ஸ் நட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வழியில் உடைவது டைல்ஸ் வியாபாரத்தில் சகஜம். வழக்கமாக உடையும் அளவு உடைந்தால், நல்ல பெட்டிகளே மொத்த அடக்கத்தையும் சுமக்க வேண்டும். 1,000-இல் 20 உடைந்தால் 4,00,000 ரூபாயை 980-ஆல் வகுக்க வேண்டும். லாரியே கவிழ்ந்து பாதிச் சரக்கு போனால் அதை மீதிப் பெட்டிகளின் தலையில் ஏற்றக் கூடாது; அது அந்த ஆண்டின் நட்டம், லாப நட்டக் கணக்குக்குப் போகும். இன்னொன்று, வீட்டு வேலை முடிந்து மிஞ்சிய பெட்டிகளை வாடிக்கையாளர் திருப்பித் தருவார். அவற்றை எடுத்துவர ஆகும் வண்டி வாடகை பார்வைக்கு உள்ளே வரும் வாடகை போலவே இருக்கும். ஆனால் அது விற்பனையால் வந்த செலவு. பெட்டி 400 ரூபாய்க்கே சரக்கில் திரும்பச் சேரும், வாடகை சேராது. கடைக்கு டைல்ஸ் அடுக்க இரும்பு ரேக் வாங்கி, அது வந்த வாடகையைக் கொடுத்தால், அது இந்த இரண்டு கணக்கிலும் இல்லை. ரேக்கின் விலையோடு சேர்ந்து சொத்தாக நின்று, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழியும்.

அமேசான் செய்வது

இந்தப் பிரிவு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகிறதா என்றால் இல்லை. அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் விற்ற பொருளின் அடக்கத்துக்குள் வந்த வாடகையையும் வாடிக்கையாளருக்கு அனுப்பிய வாடகையையும் சேர்த்தே காட்டுகிறது. நம் பாடப்புத்தகப்படி பார்த்தால் வெளித் தூக்குக்கூலியை வியாபாரக் கணக்கில் எழுதியது போல. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: சப்ளையர்களிடமிருந்து பொருளைப் பெறுவதற்கான அனுப்பீட்டுச் செலவு சரக்கிருப்பில் சேர்க்கப்படுகிறது, பொருள் விற்கும்போதுதான் அடக்கமாகிறது. அனுப்பிய வாடகையை அவர்களும் சரக்கிருப்பில் ஏற்றுவதில்லை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, மொத்த லாபக் கோட்டுக்கு மேலா கீழா என்பது ஒரு வழக்கம். அதை ஒரு நிறுவனம் இப்படியும் இன்னொன்று அப்படியும் வைத்துக்கொள்ளலாம், நிகர லாபம் மாறாது. நம் கடையிலும் 12,000 ரூபாயை வியாபாரக் கணக்கில் எழுதினால் மொத்த லாபம் 60,000 ஆகுமே தவிர நிகர லாபம் 30,000தான். சரக்கிருப்பில் ஏறுமா ஏறாதா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை, ஏனென்றால் அங்கே லாபமே ஆண்டு மாறி விழுகிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சரக்கிருப்பை அடக்கவிலையிலோ, விற்றால் கைக்கு நிகரமாக வரக்கூடிய தொகையிலோ, எது குறைவோ அதில்தான் போட வேண்டும். டைல்ஸில் டிசைன் சீக்கிரம் பழசாகிவிடும். 400 ரூபாய் அடக்கமுள்ள பெட்டி இனி 390-க்குத்தான் போகும், அதையும் வீட்டில் கொண்டு சேர்க்க 20 ரூபாய் ஆகும் என்றால், கைக்கு வரப்போவது 370. சரக்கிருப்பில் 370 என்றே போட வேண்டும். இதுவரை சரக்கின் பக்கமே வரக் கூடாது என்று சொன்ன வெளித் தூக்குக்கூலி இங்கே மட்டும் சரக்கின் விலையைத் தொடுகிறது. அதுவும் கூட்டுவதற்கு அல்ல, குறைப்பதற்கு.

இத்தனை நாள் பில் விலையிலேயே சரக்கிருப்பு போட்டுவந்த கடைக்காரர் இதைப் படித்துவிட்டு இந்த மார்ச்சில் முறையை மாற்ற நினைத்தால், ஒரு எச்சரிக்கை. இறுதிச் சரக்கிருப்பை மட்டும் வாடகை சேர்த்துப் போட்டு, தொடக்கச் சரக்கிருப்பைப் பழைய பில் விலையிலேயே விட்டுவிட்டால், இந்த ஆண்டு லாபம் வீங்கிவிடும். சென்ற ஆண்டே செலவாக எழுதிவிட்ட வாடகை இந்த ஆண்டு லாபமாக வந்து உட்காரும். பழைய லாரிகளின் எல்.ஆர். தாள்களையும் கூலி ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு, கணக்கை முடிப்பதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் போங்கள். சென்ற ஆண்டின் பிழையாக எவ்வளவு காட்டுவது, இந்த ஆண்டின் லாபமாக எவ்வளவு காட்டுவது என்பதை அவர் பிரித்துத் தந்த பிறகே முறையை மாற்றுங்கள்.